யார் அனுப்பினார், யார் மாற்றினார்? இன்ஜினோடு வந்த ஜப்பானியக் குறிப்பு

முதுநகர் பட்டறைக்காரர் | பிப்ரவரி 4, காலை 7.40

கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் இன்ஜின் வேலை செய்கிறேன். ஜப்பானில் ஓடிய சிறிய படகு இன்ஜின் ஒன்று, பழைய இயந்திர வியாபாரி ஒருவர் வழியாகப் பட்டறைக்கு வந்திருக்கிறது. அதனுடன் வந்த கருவிப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் கையால் எழுதிய ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். அதன் கீழ்ப்பகுதியைப் படம் பிடித்து இணைத்துள்ளேன்.

ஜப்பானிய மொழி பயிலும் என் தங்கை மகன், "பம்ப் அனுப்பியிருக்கிறோம், மாற்றிக்கொள்ளுங்கள்" என்று படித்தான். வியாபாரியின் ஆளோ, "பம்ப் ஏற்கெனவே மாற்றியாயிற்று என்றுதான் எழுதியிருக்கிறது" என்கிறார். அந்தத் தாளில் நான், நீ, அவர் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அனுப்பியது யார், மாற்றியது யார் என்று தெரிந்தால்தான் புதிய பம்ப்புக்கு நான் பணம் போட வேண்டுமா என்பது தெரியும்.

நெல்லித்தோப்பு மாணவர் | பிப்ரவரி 4, காலை 9.15

படத்தில் இருப்பது இரண்டு வாக்கியங்கள். ஒலிப்பைத் தமிழில் எழுதித் தருகிறேன்.

"ரேக்யகுசுய் நோ போம்பு வா ஒகுத்தே மொராத்தா நோதே, தோரிகாஎதே ஒகிமாஷ்தா. ஷிஉன்தென் ஷ்தே காரா, ஃபுருய் நோ ஓ காஎஷ்தே குதசாய்."

சொற்கள் வரிசையாக: குளிர்நீர் பம்ப், அனுப்பு, பெறு, ஆகையால், மாற்று, வை. அடுத்த வாக்கியத்தில் ஓட்டிப் பார், பிறகு, பழையதை, திருப்பிக் கொடு, தயவுசெய்து. "போம்பு" என்பதற்குப் பின் "வா" வந்திருக்கிறது. "வா" எழுவாயைக் காட்டும் உருபு என்பதால், முதல் வாக்கியத்துக்குப் பம்ப்பே எழுவாய். "பம்ப் அனுப்பப்பட்டது, மாற்றப்பட்டது" என்று செயப்பாட்டு வினையாகக் கொண்டால் யார் செய்தார் என்ற கேள்வியே எழாது.

புதுவை மொழிபெயர்ப்பாளர் | பிப்ரவரி 4, பிற்பகல் 1.30

பம்ப் மாற்றப்பட்டுவிட்டது என்ற முடிவு சரி. ஆனால் தம்பி அதற்குச் சொன்ன காரணம் சரியல்ல. அதே காரணத்தை வேறொரு தாளில் பயன்படுத்தினால் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்லும். இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பதே என் தொழில் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

"வா" எழுவாயைக் காட்டும் உருபன்று. "இதைப் பற்றிப் பேசுகிறேன்" என்று பேசுபொருளை முன்னால் எடுத்து வைக்கும் உருபு அது. அந்தப் பேசுபொருள் பல நேரங்களில் எழுவாயாகவும் இருப்பதால் பாடப்புத்தகத்தின் முதல் சில பாடங்களில் அப்படிப் பழகிவிடுகிறோம். இங்கே பம்ப் அனுப்பவும் இல்லை, எதையும் பெறவும் இல்லை, மாற்றவும் இல்லை. மூன்று வினைகளுக்கும் அது செயப்படுபொருள். நாமும் "பம்ப் போன வாரமே வாங்கிவிட்டேன்" என்று சொல்கிறோம். அங்கே பம்ப் வாக்கியத்தின் தலையில் நிற்கிறது, ஐ உருபும் இல்லை. ஆனாலும் வாங்கியது பம்ப் என்று யாரும் கொள்வதில்லை, ஏனென்றால் "வாங்கிவிட்டேன்" என்பதன் ஈறு ஆளைச் சொல்லிவிடுகிறது. ஜப்பானிய வினைக்கு அந்த ஈறு கிடையாது. "ஒகிமாஷ்தா" என்பது வைத்தேன், வைத்தோம், வைத்தாய், வைத்தார், வைத்தார்கள் அனைத்துக்கும் ஒன்றே.

அப்படியானால் ஆளை எங்கே தேடுவது? இந்தத் தாளில் முதல் தடயம் "மொராத்தா". கொடுத்தல் வாங்கலுக்கு ஜப்பானியத்தில் மூன்று வினைகள் உண்டு. என் பக்கத்திலிருந்து வெளியே போனால் "அகெரு". வெளியாள் கொடுத்து என் பக்கம் வந்தால் "குரெரு". என் பக்கத்தில் உள்ளவர் பெற்றுக்கொண்டதாகச் சொன்னால் "மொராவு". இவை வேறொரு வினையோடு சேரும்போது, அந்தச் செயலின் நன்மை எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதைக் காட்டும். "ஒகுத்தே குரெதா" என்றால் அனுப்பியவர் எழுவாய், நன்மை எனக்கு. "ஒகுத்தே மொராத்தா" என்றால் அனுப்பச்செய்து பெற்றுக்கொண்டவர் எழுவாய். அவர் பெரும்பாலும் எழுதியவர், அல்லது எழுதியவரின் பக்கத்தவர். இரண்டிலும் அனுப்பியவர் வெளியாள்தான். ஆகவே "நாங்கள் உங்களுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று படிக்க இடமே இல்லை. அதற்கு வேறு வினை வந்திருக்கும்.

இரண்டாவது தடயம் வாக்கியத்தின் முடிவு. "தோரிகாஎதே ஒகிமாஷ்தா" நடந்து முடிந்ததைக் கூறுகிறது, ஏவவில்லை. "ஒகு" என்பதற்கு வைத்தல் என்றே பொருள். நாம் "சொல்லி வைத்தேன்", "எடுத்து வைத்தேன்" என்பது போலப் பின்னால் உதவும் என்று முன்கூட்டியே செய்ததைக் காட்டும். ஏவல் அடுத்த வாக்கியத்தில்தான் வருகிறது: "காஎஷ்தே குதசாய்". "குதசாய்" வந்தால் செய்ய வேண்டியவர் எதிரில் இருப்பவர், அதாவது தாளைப் படிப்பவர்.

ஆகவே என் வாசிப்பு இது: "குளிர்நீர் பம்ப்பை ஒருவரிடமிருந்து தருவித்துக்கொண்டேன், அதனால் மாற்றி வைத்துவிட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையதைத் திருப்பிக் கொடுங்கள்." இதில் "ஒருவரிடமிருந்து" என்ற இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. தாளின் மேற்பகுதியையும் படம் எடுத்துப் போடுங்கள்.

முதுநகர் பட்டறைக்காரர் | பிப்ரவரி 4, மாலை 6.05

நன்றி ஐயா. மேலே ஒரு வரி இருக்கிறது. பெட்டி படகில் இருப்பதால் நாளை மறுநாள்தான் படம் எடுக்க முடியும்.

பாதிரிப்புலியூர் தமிழாசிரியர் | பிப்ரவரி 4, இரவு 8.50

ஓய்வு பெற்ற ஆசிரியன். ஜப்பானியம் அறியேன். ஆயினும் மொழிபெயர்ப்பாளர் கூறிய கொடுத்தல் வாங்கல் வினைகளைப் படித்ததும் தொல்காப்பியக் கிளவியாக்கம் நினைவுக்கு வந்தது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் எடுத்துக்கொண்டு, தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று அங்கே பிரித்திருக்கிறார்கள். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். கை நீட்டிப் பெறுபவர் யார் என்பதை வினையே சொல்லிவிடுகிறது.

இன்றைய எழுத்தில் "அவனுக்குத் தந்தான்" என்று தாராளமாக எழுதுகிறோம். அந்த எல்லை அழிந்துவிட்டது. எனினும் நம் வினைமுற்று திணை, பால், எண், இடம் நான்கையும் காட்டுவதால், எழுவாய் தோன்றாவிட்டாலும் தமிழில் பொருள் மயக்கம் நேராது. தோன்றா எழுவாய் என்று அதற்குப் பெயரிட்டு வகுப்பில் ஒரே பாடவேளையில் நடத்தி முடித்துவிடுவோம்.

மாகேயிலிருந்து வந்தவள் | பிப்ரவரி 5, காலை 6.30

ஐயா சொன்ன எல்லை மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நான் மாகேயில் பிறந்து புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கோ உங்களுக்கோ என்றால் "தந்நு", அவனுக்கு என்றால் "கொடுத்து". "அவனு தந்நு" என்று சொன்னால் எங்கள் வீட்டில் சிறு பிள்ளையும் திருத்தும். மலையாள வினைக்கு ஏன், ஆய், ஆன் போன்ற ஈறுகள் பேச்சில் இல்லை. வந்தேன், வந்தாய், வந்தான் மூன்றும் "வந்நு"தான். ஈறு போன மொழியில் "தருக, கொடுக்குக" வேறுபாடு இறுக்கமாக நின்றதும், ஈறு உள்ள தமிழில் அது தளர்ந்ததும் தற்செயலா என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

தமிழில் மயக்கமே நேராது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் மாமியார் ஒரு நாள் சமையலறையிலிருந்து "கோழி சாப்பிடவில்லை" என்றார். கொல்லையில் அடைத்திருந்த கோழி தீனி எடுக்கவில்லை என்று நான் எண்ணினேன். அவரோ மாமனார் கோழிக்கறி சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறார். "இல்லை" வந்த இடத்தில் ஈறு போய்விடுகிறது. ஆளும் கூடவே போய்விடுகிறது.

பாதிரிப்புலியூர் தமிழாசிரியர் | பிப்ரவரி 5, காலை 10.20

அம்மா கூறுவது சரி. "வேண்டும்", "முடியும்", "போகலாம்" என்பனவும் அவ்வாறே. "நாளைக்குப் போக வேண்டும்" என்று மட்டும் எழுதி வைத்தால் போக வேண்டியவர் யார் என்பதை அந்தத் தாள் இருக்கும் இடமே சொல்ல வேண்டும். எச்சங்களுக்கும் ஈறு இல்லை. ஆனால் எச்சங்களில் வேறொரு கட்டுப்பாடு இருக்கிறது. "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது பழைய விதி. "ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்" என்றால் ஓட்டுபவரும் கொடுப்பவரும் ஒருவரே. "ஓட்டிப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள்" என்றால் ஓட்டுபவர் வேறொருவராகவும் இருக்கலாம். ஜப்பானியத் தாளில் இருப்பது இவற்றுள் எது?

நெல்லித்தோப்பு மாணவர் | பிப்ரவரி 5, பகல் 12.10

"ஷ்தே காரா" என்பது "செய்த பிறகு" என்பதற்கு நெருக்கமானது. "ஷ்தே" மட்டும் இருந்தால் "செய்து". ஆகவே ஓட்டிப் பார்ப்பவர் எழுதியவராகவே இருக்கக்கூடாதா? "நான் ஓட்டிப் பார்த்த பிறகு, நீங்கள் பழையதைத் திருப்பிக் கொடுங்கள்" என்று?

வில்லியனூர் பொத்தான் கடை | பிப்ரவரி 5, பிற்பகல் 3.45

இங்கே எல்லாரும் செய்வினை, செயப்பாட்டு வினை பற்றிப் பேசுவதாகத் தெரிகிறது. எனக்கும் அதே பிரச்சினை நேர்ந்தது, ஆனால் சீனத்தில். தையல் கடைகளுக்குப் பொத்தான், ஜிப் தருவித்து விற்கிறேன். மாதிரிப் பொத்தான்களோடு வந்த சீட்டைப் படம் எடுத்துச் சீனம் தெரிந்த நண்பருக்கு அனுப்பினேன். "ச்சுவேரென் ஹோ ஃபாஹுவோ" என்று நான்கைந்து எழுத்துகள். உறுதி, பின், சரக்கு அனுப்பு என்று அவர் சொன்னார். அவர்கள் உறுதிசெய்து அனுப்புவார்கள் என்று நான் காத்திருந்தேன். அவர்களோ நான் மாதிரியைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று காத்திருந்தார்கள். பொங்கல் விற்பனை போய்விட்டது. சீனமும் ஜப்பானியமும் ஒரே எழுத்து என்பதால் ஐயா சொன்ன "மொராத்தா" போன்ற தடயம் என் சீட்டிலும் இருந்திருக்குமா? மேலும், அந்தச் சரக்குக்கு இப்போது நான் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

புதுவை மொழிபெயர்ப்பாளர் | பிப்ரவரி 5, இரவு 9.30

இரண்டு பேருக்கும் பதில்.

பொத்தான் கடைக்காரருக்கு: முன்பணம் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தடயம் பற்றிச் சொல்ல முடியும். ஜப்பானியர்கள் சீன எழுத்துகளைத் தங்கள் எழுத்தோடு கலந்து எழுதுகிறார்கள். ஆனால் மொழிகள் இரண்டும் வேறு குடும்பம். சீனத்தில் வினைக்கு ஈறும் இல்லை, பெயருக்கு வா, எழுவாயைக் காட்டும் கா போன்ற உருபும் இல்லை. கொடுத்தலுக்கு "கெய்" என்ற ஒரே சொல் எல்லாத் திசைக்கும் போதும். நம் அம்மா சொன்ன கோழி அங்கேயும் உண்டு: "ஜீ பூ ச்சி ல" என்றால் கோழி இனித் தின்னாது என்றும் கொள்ளலாம், கோழிக்கறி போதும் என்றும் கொள்ளலாம். ஆகவே உங்கள் சீட்டில் இலக்கணத்துக்குள் தேடினால் எதுவும் கிடைக்காது. தடயம் வாணிக வழக்கத்தில்தான் இருக்கிறது. மாதிரியோடு வரும் சீட்டில் உறுதிசெய்பவர் மாதிரியைக் கையில் வைத்திருப்பவர், சரக்கை அனுப்புபவர் விற்பவர். "உறுதி" என்ற சொல்லுக்குப் பின்னால் யாருடைய கையில் பொருள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வினைக்கு இரண்டு வேறு ஆட்கள், இருவர் பெயரும் இல்லை. சீனத்தில் இது இயல்பு.

அந்த வகை ஜப்பானிலும் அறிவிப்புப் பலகைகளில் உண்டு. குடியிருப்புத் தெருக்களில் "தொபிதாஷி ச்சூய்" என்று ஒரு பலகை நிற்கும். பாய்ந்து வருதல், கவனம்: அவ்வளவுதான் எழுதியிருக்கும். பாய்ந்து வருவது குழந்தை, கவனிக்க வேண்டியது வண்டி ஓட்டுபவர். படத்தை வெட்டி எழுத்தை மட்டும் அனுப்பினால், "பாய்ந்து ஓடும்போது கவனமாக இரு" என்று குழந்தைக்குச் சொன்னதாகவும் படிக்கலாம். பலகை சாலையைப் பார்த்து நிற்கிறதா, வீட்டு வாசலைப் பார்த்து நிற்கிறதா என்பது படத்தில் தெரிந்தால் சந்தேகம் இல்லை.

மாணவத் தம்பிக்கு: "ஷ்தே காரா"வில் இரண்டு ஆட்கள் வரலாம் என்பது சரி. ஆனால் வேறு ஆள் வந்தால் அவரை "கா" உருபோடு சொல்லியாக வேண்டும். "வாதாஷி கா தென்வா ஷ்தே காரா, கிதே குதசாய்": நான் தொலைபேசிய பிறகு வாருங்கள். இதில் "வாதாஷி கா" என்பதை எடுத்துவிட்டால், தொலைபேசுபவரும் வருபவரும் நீங்களாகிவிடுவீர்கள். வாக்கியத்தின் முடிவில் ஏவல் இருக்கும்போது, அதன் ஆள் பின்னோக்கி நடந்து முன்னால் உள்ள ஆளில்லாத வினைகளையும் பிடித்துக்கொள்கிறார், இடையில் "கா" என்று ஒருவர் குறுக்கே நின்றால் ஒழிய. ஆகவே தாளில் ஓட்டிப் பார்க்க வேண்டியவர் தாளைப் படிப்பவரே. ஆசிரியர் ஐயாவின் கணக்கில் இதைப் "பார்த்துவிட்டு" என்றே தமிழாக்கலாம்.

முதுநகர் பட்டறைக்காரர் | பிப்ரவரி 6, மாலை 5.20

மேல் வரியின் படம் இதோ. தாள் நெட்டுவாக்கில் மடிந்திருக்கிறது. மடிப்பு ஓர் எழுத்தின் இடது பாதி மேலேயே ஓடுவதால் மை உதிர்ந்திருக்கிறது.

நெல்லித்தோப்பு மாணவர் | பிப்ரவரி 6, மாலை 6.40

"கோஜோச்சோ", பிறகு மடிப்பில் ஓர் எழுத்து, பிறகு "மொதொத்தா தோகி, தென்வா ஷிமாஷ்தா". தொழிற்கூடத் தலைவர், திரும்பி வந்தபோது, தொலைபேசல். இது எளிதான வரி. தலைவர் திரும்பி வந்ததும் தொலைபேசினார். மடிப்பில் "வா" இருந்தாலும் "கா" இருந்தாலும் பொருள் ஒன்றுதான்.

புதுவை மொழிபெயர்ப்பாளர் | பிப்ரவரி 6, இரவு 10.15

ஒன்றல்ல. இந்தத் தாள் முழுவதிலும் மிக முக்கியமான எழுத்து அந்த மடிப்பில்தான் இருக்கிறது.

"கா" தன் கிளைவாக்கியத்துக்குள் மட்டும் ஆட்சி செய்யும். "கோஜோச்சோ கா மொதொத்தா தோகி" என்றால் தலைவர் "திரும்பி வந்தபோது" என்பதோடு நின்றுவிடுகிறார். "தொலைபேசல்" என்ற முடிவு வினைக்கு அவர் எழுவாய் அல்லர்; அங்கே பெயர் சொல்லப்படாத வேறொருவர் இருக்கிறார், பெரும்பாலும் எழுதியவர். "வா" அப்படியன்று. "கோஜோச்சோ வா மொதொத்தா தோகி, தென்வா ஷிமாஷ்தா" என்றால் தலைவர் கிளைவாக்கியத்தைத் தாண்டிப் போய் முடிவு வினையைப் பிடிக்கிறார், தொலைபேசியவர் அவரே. தமிழில் "தலைவர் திரும்பி வந்தபோது தொலைபேசினேன்", "தலைவர் திரும்பி வந்தபோது தொலைபேசினார்" என்று கடைசி ஈற்றில் நாம் வைக்கும் வேறுபாட்டை அவர்கள் வாக்கியத்தின் நடுவில் ஒற்றை எழுத்தில் வைக்கிறார்கள்.

பள்ளியில் கணிதம் கற்பித்துக்கொண்டே இலக்கணம் ஆராய்ந்த மிகாமி அகிரா, "வா" முற்றுப்புள்ளியையும் கடந்து போகும் என்று விளக்கினார். ஒருமுறை "வா" போட்டு ஒருவரை எடுத்து வைத்தால், வேறொரு "வா" வரும் வரை அடுத்தடுத்த வாக்கியங்களுக்கும் அவர் தொடர முடியும். நம் தாளில் அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே "போம்பு வா" வந்துவிடுகிறது. ஆனால் பம்ப்பால் எதையும் பெறவோ மாற்றவோ முடியாது என்பதால், ஆளுக்கான இடம் காலியாகவே நிற்கிறது. மேல் வரியில் "வா" இருந்தால் பம்ப்பைத் தருவித்தது தலைவராகவும் இருக்கக்கூடும். "கா" இருந்தால் எழுதியவரே தொலைபேசி, எழுதியவரே தருவித்து, எழுதியவரே மாற்றினார் என்று மூன்றும் ஒரே கயிற்றில் வரும்.

பட்டறைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். விளக்கை நேராக அடிக்காமல், தாளின் வலப்பக்கம் மேசையோடு மேசையாகக் கைவிளக்கைச் சாய்த்து வைத்து, அந்த ஓர் எழுத்தை மட்டும் நெருங்கி எடுங்கள். மை உதிர்ந்தாலும் பேனா அழுத்திய தடம் நிழலாகத் தெரியும். "வா" என்று ஒலிக்க எழுதும் எழுத்தின் வலப்பாதியில் ஒரு கோடு கீழே இறங்கிச் சிறு கண்ணியாகச் சுருளும். "கா"வின் வலப்பாதியில் கண்ணி கிடையாது. மேல் மூலையில் சிறிய இரண்டு கீற்றுகள் இருக்கும். கீழே சுருள் இருக்கிறதா, மேலே கீற்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாகேயிலிருந்து வந்தவள் | பிப்ரவரி 7, காலை 6.10

தலைவர் "திரும்பி வந்தார்" என்பதற்கு மரியாதை வடிவம் உண்டல்லவா? ஜப்பானியர் தலைவரைப் பற்றி மொட்டையாக "மொதொத்தா" என்று எழுதுவார்களா?

புதுவை மொழிபெயர்ப்பாளர் | பிப்ரவரி 7, காலை 8.00

நல்ல கேள்வி. மரியாதை வினைகளும் ஆளைக் காட்டும் தடயம்தான். "ஒஷ்ஷாய்மாஷ்தா" என்றால் சொன்னவர் மதிப்புக்குரிய பிறர். "மோஷிமாஷ்தா" என்றால் சொன்னவர் பணிந்து நிற்கும் நானோ என் பக்கத்தவரோ. பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

ஆனால் அங்கே மரியாதை ஆளின் பதவியை மட்டும் பார்ப்பதில்லை, கேட்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் பார்க்கிறது. வெளியாரிடம் பேசும்போது தம் நிறுவனத்தின் தலைவரையும் தம் பக்கத்தவராகக் கொண்டு பணிவாகவோ மொட்டையாகவோதான் சொல்வார்கள். நாம் வெளியாரிடம் பேசும்போதும் "எங்கள் முதலாளி வந்தார்" என்றே சொல்வோம். "வந்தான்" என்று இறக்க மாட்டோம். அங்கே இறக்காவிட்டால்தான் தவறு. ஆகவே மொட்டையான "மொதொத்தா" இந்தத் தாள் தொழிற்கூடத்துக்கு வெளியே உள்ளவருக்கு, அதாவது படகின் சொந்தக்காரருக்கு எழுதப்பட்டது என்று நினைக்கத் தூண்டுகிறது. இதை உறுதி என்று சொல்ல மாட்டேன். ஒரே பட்டறைக்குள் நெருங்கிப் பழகுபவர்கள் அவசரக் குறிப்பில் மரியாதை ஈறுகளை விட்டுவிடுவதும் உண்டு.

முதுநகர் பட்டறைக்காரர் | பிப்ரவரி 8, இரவு 7.30

சாய்த்த விளக்கில் எடுத்த படத்தை இணைத்துள்ளேன். எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு கீற்றுகள் பள்ளமாகத் தெரிகின்றன. கீழே சுருள் எதுவும் இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். இன்ஜினில் பம்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உடைந்திருக்கிறது. சுற்றியுள்ள மற்ற போல்ட்டுகளில் முதல் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. கேஸ்கெட்டின் ஓரமும் மற்ற இடங்களைவிடப் புதிதாக இருக்கிறது. கருவிப்பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பழைய பம்ப் கிடந்தது. மூடியைத் திறந்தால், உள்ளே ரப்பர் இம்பெல்லரின் இறக்கைகளில் இரண்டு வேரோடு முறிந்திருந்தன.

நெல்லித்தோப்பு மாணவர் | பிப்ரவரி 8, இரவு 8.15

அப்படியானால் "கா". தலைவர் திரும்பி வந்தபோது எழுதியவர் தொலைபேசினார், பம்ப் தருவிக்கப்பட்டது, எழுதியவர் மாற்றினார், தாளைப் படிக்க வேண்டியவர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையதைத் திருப்பியிருக்க வேண்டும், அவர் திருப்பவில்லை. எல்லாம் பொருந்துகிறது. ஆனால் "ஃபுருய் நோ" என்பது "பழையது" மட்டும்தானே? பழைய பம்ப் என்று தாளில் இல்லை. பழைய சாவி, பழைய குழாய் எதுவாகவும் இருக்கலாம் அல்லவா?

முதுநகர் பட்டறைக்காரர் | பிப்ரவரி 9, காலை 7.00

தம்பி, இதற்கு நான் பதில் சொல்கிறேன், மொழி தெரியாவிட்டாலும். புதிய சாமான் போட்ட பட்டறையில் "பழையதைக் கொடுத்துவிடுங்கள்" என்றால் கழற்றிய அதே சாமான்தான். சாமான் அனுப்பிய கடைக்காரர் சில வேளை பழையதைக் கேட்பார், கோளாறு என்ன என்று பார்ப்பதற்கோ, அதற்கு ஒரு விலை கழிப்பதற்கோ. படகுக்காரர்களோ புதியது ஓட்டத்தில் நம்பிக்கை தரும் வரை பழையதைப் படகிலேயே வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் புதியது காலை வாரினால் பழையதை வைத்துக் கரை சேரலாம். "ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அங்கேயும் அந்தப் பழக்கம் இருக்கிறது போலும்.

பாதிரிப்புலியூர் தமிழாசிரியர் | பிப்ரவரி 9, பகல் 11.40

இதுவரை வந்தவற்றை வைத்து முழுத் தாளையும் தமிழில் எழுத முயன்றேன். "தொழிற்கூடத் தலைவர் திரும்பி வந்தபோது தொலைபேசினேன். குளிர்நீர் பம்ப்பை அனுப்பித் தந்தார்கள். ஆகவே மாற்றி வைத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையதைத் திருப்பிக் கொடுங்கள்." மூலத்தில் ஒரு இடத்திலும் இல்லாத ஆட்களை நான்கு இடங்களில் நான் ஈறாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. "மாற்றி வைத்தேன்" என்பது எனக்கு உறுத்துகிறது. இரண்டு பேர் சேர்ந்து மாற்றியிருந்தால் "வைத்தோம்" அல்லவா?

புதுவை மொழிபெயர்ப்பாளர் | பிப்ரவரி 9, இரவு 9.00

ஐயாவின் உறுத்தல் நியாயமானது. ஒருமையா பன்மையா என்பதைத் தாள் சொல்லவே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் நான் "பம்ப் வந்தது, மாற்றியாயிற்று" என்று எழுதுவேன். "ஆயிற்று" போட்டால் செயல் முடிந்தது தெரியும், ஆளைப் பற்றி நாம் எதையும் புனைய வேண்டியதில்லை. "மாற்றப்பட்டது" என்று எழுதினால் அலுவலகக் கோப்பு வாடை வந்துவிடும். இந்தத் தாள் பட்டறையில் நின்றுகொண்டு எழுதியது. "தொலைபேசினேன்" என்ற இடத்தில் மட்டும் ஆளை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே தலைவர் அல்லர் என்பதைக் காட்டத்தான் "கா" வந்திருக்கிறது.

"அனுப்பித் தந்தார்கள்" என்பதில் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பம்ப்பை அனுப்பியவர் மூன்றாம் ஆளான கடைக்காரரா, தாளைப் படிக்கும் படகுக்காரரேவா? படகுக்காரரே வாங்கி அனுப்பியிருந்தாலும் "ஒகுத்தே மொராத்தா" பொருந்தும்.

நெல்லித்தோப்பு மாணவர் | பிப்ரவரி 9, இரவு 9.50

வாடிக்கையாளரே அனுப்பியிருந்தால் "மொராத்தா"வுக்குப் பதில் பணிவான "இததாய்தா" வந்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவரின் உதவியை மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். ஆகவே கடைக்காரர்.

புதுவை மொழிபெயர்ப்பாளர் | பிப்ரவரி 10, காலை 7.45

அது வலுவான வாதம், நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆனால் தாளைப் படிப்பவர் எழுதியவரின் நண்பராகவோ தம்பியாகவோ இருந்தால் "மொராத்தா"வே போதும், "குதசாய்" இருப்பதால் மட்டும் தூரத்து ஆள் என்று சொல்லிவிட முடியாது. தாளில் பெயரோ தேதியோ இருந்தால் பார்க்கலாம். பின்புறம் ஏதாவது எழுதியிருக்கிறதா?

முதுநகர் பட்டறைக்காரர் | பிப்ரவரி 10, மாலை 6.30

பின்புறம் பசையும் துருவும்தான். தேதி இல்லை. பம்ப் மாற்றியது உண்மை, எந்த ஆண்டு என்று தெரியாது. ரப்பர் இம்பெல்லர் ஓடாமல் கிடந்தாலும் இறுகிவிடும் என்பதால் புதிய இம்பெல்லர் மட்டும் வாங்கிப் போடுகிறேன், முழுப் பம்ப் வாங்கவில்லை. தங்கை மகனுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினேன். "குரெரு, மொராவு இரண்டையும் ஒன்றாகவே படித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, மேல் வரியில் தொலைபேசியது தலைவருக்கா கடைக்காரருக்கா என்று கேட்கிறான். "யாருக்கு" என்பதும் அங்கே எழுதப்படவில்லையாமே?

புதுவை மொழிபெயர்ப்பாளர் | பிப்ரவரி 10, இரவு 10.05

எழுதப்படவில்லை. அடுத்த வாக்கியத்தில் பம்ப் வந்து சேர்ந்திருப்பதால் பம்ப் வைத்திருந்தவருக்குத்தான் தொலைபேசியிருப்பார் என்று கொள்கிறேன்; தலைவர் திரும்பி வந்து அருகிலேயே இருப்பதால் அவருக்குத் தொலைபேச வேண்டிய தேவையும் இல்லை. தலைவர் வரும் வரை ஏன் காத்திருந்தார் என்பதற்குத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். மருமகன் வேறு விதமாகப் படித்தால் காரணத்தோடு இங்கே எழுதச் சொல்லுங்கள்.